பராஅத் இரவு: மூன்று யாசீன் ஓதுவதில் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை, என்ன செய்யலாம்?

அபூ சுஹைல் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ஷஃபான் பிறை 15 நெருங்குகிறது. எங்கள் வீட்டில் அத்தா இருந்தவரை அன்றைய மஃரிபுக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மூன்று யாசீன் ஓதுவோம். முதலாவது நீண்ட ஆயுளுக்கு, இரண்டாவது ரிஸ்க்குக்கு, மூன்றாவது பலா முஸீபத்துகளை விட்டுப் பாதுகாப்புக்கு. ஒவ்வொரு யாசீனுக்குப் பிறகும் அத்தா பராஅத் துஆவை ஓத, நாங்கள் ஆமீன் சொல்வோம். மறுநாள் நோன்பு.

அத்தா மவுத்தான பிறகு அண்ணன், "இதற்கு ஹதீஸில் ஆதாரம் இல்லை, இது பித்அத், நான் உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது பெரிய வேதனை. போன பராஅத் அன்று பேச்சு முற்றி, அதிலிருந்து அண்ணன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மாவைப் பார்க்க நான் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறார்.

நான் கேட்பது இதுதான். இந்த இரவு பற்றி உலமாக்கள் உண்மையில் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் மாறுபடுகிறார்கள்? இந்த வருடம் வீட்டில் எப்படி நடத்தினால் நல்லது? தயவுசெய்து ஜமாஅத் சண்டையாக ஆக்கிவிடாதீர்கள்.

---

கிழக்குவாசல் எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம். ஆதாரம் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. குர்ஆனிலேயே இருக்கிறது. சூரா துகானின் தொடக்கத்தில், பரக்கத்தான ஓர் இரவில் இதை இறக்கினோம், அதில்தான் உறுதியான காரியங்கள் எல்லாம் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன என்று வருகிறது. அது பராஅத் இரவுதான். அடுத்த ஒரு வருடத்துக்கான மவுத்து, ஹயாத்து, ரிஸ்க்கு எல்லாம் அன்றுதான் எழுதப்படுகின்றன. அதனால்தான் ஆயுளுக்கும் ரிஸ்க்குக்கும் யாசீன் ஓதுகிறோம். முன்னோர்கள் தெரியாமலா செய்தார்கள்? அம்மா சொல்வதைச் செய்யுங்கள்.

---

தெளிவுதேடி எழுதியது:

சகோதரர் கிழக்குவாசலுக்கு: துகான் வசனம் பராஅத் இரவைச் சொல்லவில்லை. குர்ஆன் இறங்கிய மாதம் ரமளான் என்று சூரா பகராவின் 185ஆம் வசனம் சொல்கிறது. கத்ர் இரவில் இறக்கினோம் என்று சூரா கத்ர் சொல்கிறது. குர்ஆன் இறங்கிய அந்த இரவு எப்படி ஷஃபானில் வரும்?

அபூ சுஹைல் பாய், உங்கள் அண்ணன் சொல்வது சரி. ஷஃபான் 15 பற்றி வரும் ஹதீஸ்கள் எல்லாமே இட்டுக்கட்டப்பட்டவை. ஒன்றுகூட ஸஹீஹ் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) செய்யாத ஒன்றை மார்க்கமாக நினைத்துச் செய்தால் அது பித்அத். இதில் பேச வேறு ஒன்றும் இல்லை.

---

பழைய கிதாபு எழுதியது:

இரண்டு சகோதரர்களும் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் மதரஸாவில் ஓதியவன், இப்போதும் இதே கிதாபுகளோடுதான் இருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன்.

துகான் வசனத்தில் தெளிவுதேடி சொன்னதுதான் பெரும்பாலான முஃபஸ்ஸிர்களின் கருத்து. அது லைலத்துல் கத்ர். ஷஃபானின் நடு இரவு என்ற கருத்து இக்ரிமா அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. அப்படிச் சொன்னவர் வெகு தூரம் போய்விட்டார் என்று இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் எழுதுகிறார். ஆக, வருடக் கணக்கு எழுதப்படும் இரவு என்பதற்குக் குர்ஆனை நேரடி ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஆனால் ஹதீஸ்கள் எல்லாமே இட்டுக்கட்டப்பட்டவை என்பதும் சரியில்லை. இங்கே மூன்று ஹதீஸ்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மக்கள் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் இத்தனை சண்டை.

முதலாவது, அலீ (ரலி) வழியாக இப்னு மாஜாவில் வருவது. ஷஃபான் பாதி இரவு வந்தால் இரவில் நின்று வணங்குங்கள், பகலில் நோன்பு வையுங்கள் என்பது அதன் கருத்து. இதன் அறிவிப்பாளர் வரிசையில் இப்னு அபீ ஸப்ரா என்பவர் இருக்கிறார். அவர் ஹதீஸ்களை இட்டுக்கட்டுபவர் என்று இமாம் அஹ்மத் போன்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 15ஆம் நாளுக்கென்று தனியாக நோன்பு சொல்லும் ஹதீஸ் இதுதான். அதுவே இவ்வளவு பலவீனமான நிலையில் இருக்கிறது.

இரண்டாவது, ஆயிஷா (ரலி) அவர்களின் ஹதீஸ், திர்மிதியில் இருக்கிறது. இரவில் நபியவர்களைக் காணாமல் தேடிப் போனபோது பகீஃ மையவாடியில் இருந்தார்கள், கல்பு கோத்திரத்து ஆடுகளின் முடிகளைவிட அதிகமான பேரை அல்லாஹ் இந்த இரவில் மன்னிக்கிறான் என்று சொன்னார்கள் என வருகிறது. அன்று மையவாடிக்கு ஜியாரத் போகும் வழக்கத்துக்கு இதைத்தான் காட்டுவார்கள். இதைப் பதிவு செய்த திர்மிதியே, இமாம் புகாரி இதைப் பலவீனமானதாகச் சொல்லக் கேட்டேன் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டார். வரிசையில் இரண்டு இடங்களில் தொடர்பு அறுந்திருக்கிறது. ஒருவர் அடுத்தவரிடம் நேரில் கேட்டதே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். ஷஃபான் பாதி இரவில் அல்லாஹ் தன் படைப்புகளைப் பார்க்கிறான், இணைவைப்பவனையும் பகை வைத்திருப்பவனையும் தவிர எல்லோரையும் மன்னிக்கிறான் என்ற ஹதீஸ். முஆத் (ரலி) வழியாக இப்னு ஹிப்பான் தம் ஸஹீஹில் கொண்டுவருகிறார். அபூ மூஸா (ரலி) வழியாக இப்னு மாஜாவிலும் இருக்கிறது. வேறு ஸஹாபிகள் வழியாகவும் வந்திருக்கிறது. தனித்தனி வழிகளில் குறைகள் உண்டு. ஆனால் எல்லா வழிகளையும் சேர்த்துப் பார்த்து ஸஹீஹ் என்று தீர்ப்புச் சொன்னவர் ஷைகு அல்பானீ. அவர் பராஅத் கொண்டாட்டங்களுக்குச் சாதகமானவர் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த இரவுக்குச் சிறப்பு உண்டு என்பதற்கு ஓரளவு பலமான ஆதாரம் இருக்கிறது. அந்தச் சிறப்பை இன்ன வடிவத்தில்தான் கொண்டாட வேண்டும் என்பதற்கு இல்லை. வீடுகளில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

---

தெளிவுதேடி எழுதியது:

ஹஸ்ரத், எல்லாமே இட்டுக்கட்டப்பட்டவை என்று நான் எழுதியது அதிகம்தான், ஏற்கிறேன். ஆனால் முஆத் (ரலி) ஹதீஸிலும் மக்ஹூல் என்பவர் மாலிக் பின் யுகாமிரைச் சந்திக்கவில்லை என்று தஹபீ சொல்லியிருக்கிறாரே. அறுந்த கயிறுகள் பத்தைச் சேர்த்துக் கட்டினால் முழுக் கயிறு ஆகிவிடுமா? இந்த இரவின் சிறப்பையே ஏற்காத உலமாக்களும் இருக்கிறார்கள். ஷைகு இப்னு பாஸ் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

---

பழைய கிதாபு எழுதியது:

நியாயமான கேள்வி. பல வழிகள் சேர்ந்து ஒன்றை ஒன்று பலப்படுத்துமா என்பது, அந்தக் குறை எந்த வகை என்பதைப் பொறுத்தது. பொய்யர் என்று பெயர் வாங்கியவர் வரிசையில் இருந்தால் எத்தனை வழி வந்தாலும் பலன் இல்லை. அதனால்தான் அலீ (ரலி) வழியாக வருவதை விட்டுவிடுகிறோம். நினைவாற்றல் குறைவு, ஓரிடத்தில் தொடர்பு அறுந்திருப்பது போன்றவை என்றால், ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத வழிகள் அதே கருத்தைச் சொல்லும்போது அது பலம் பெறும். முஹத்திஸ்கள் இதை ஏற்கிறார்கள். இந்த ஹதீஸ் அந்த அளவை எட்டியதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. நான் எட்டியது என்ற பக்கம். நீங்கள் சொல்லும் பக்கத்திலும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு நம் காலத்தில் முளைத்ததும் அல்ல. இப்னு ரஜப் ஹன்பலீ தம் லதாயிஃபுல் மஆரிஃபில் இதை விரிவாக எழுதுகிறார். சிரியாவின் தாபிஈன்களான காலித் பின் மஃதான், மக்ஹூல், லுக்மான் பின் ஆமிர் ஆகியோர் இந்த இரவைப் பெரிதாக மதித்து வணங்கினார்கள். மக்காவின் அதாஃ, இப்னு அபீ முலைக்கா போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. சரி, சிரியாவிலாவது ஒரே கருத்தா என்றால் அதுவும் இல்லை. நல்ல உடை உடுத்தி, சுர்மா இட்டு, பள்ளியில் கூடி வணங்கலாம் என்றார்கள் சிலர். பள்ளியில் கூட்டமாகக் கூடுவது மக்ரூஹ், தனியாக ஒருவர் தொழுதால் தவறில்லை என்றார் சிரியாவின் இமாம் அவ்ஸாஈ. இப்னு ரஜப் தமக்கும் அதுவே நெருக்கமான கருத்து என்கிறார்.

உங்கள் அம்மாவும் அண்ணனும் பேசுவதை ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பே பேசியிருக்கிறார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் வழிகேடன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

---

வழிப்போக்கன் 72 எழுதியது:

நல்ல பதிவு. எனக்கு ஒரு சந்தேகம். இந்த இரவில் நூறு ரக்அத் தொழ வேண்டும், ஒவ்வொரு ரக்அத்திலும் பத்து முறை குல்ஹுவல்லாஹு ஓத வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. இரவு முழுக்க உட்கார்ந்தாலும் முடியுமா என்று தெரியவில்லை. பாதியில் விட்டால் குற்றமா? அபூ சுஹைல் பாய் கேட்பதும் இந்தத் தொழுகையைப் பற்றித்தானே?

---

பழைய கிதாபு எழுதியது:

அவர் கேட்டது யாசீனைப் பற்றி. ஆனாலும் நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் அந்த நோட்டீஸ் ஒவ்வொரு வருடமும் சுற்றுகிறது.

நூறு ரக்அத், ரக்அத்துக்குப் பத்து இக்லாஸ், மொத்தம் ஆயிரம். அதனால் இதை அல்ஃபிய்யா தொழுகை என்பார்கள். இதற்கு ஆதாரமே இல்லை. இதில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீயே மஜ்மூஃவில் கடுமையாக எழுதுகிறார். ரஜபின் ரகாயிப் தொழுகையும் ஷஃபானின் இந்த நூறு ரக்அத்தும் வெறுக்கத்தக்க பித்அத்கள், கூத்துல் குலூபிலும் இஹ்யாவிலும் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறார். இது ஹிஜ்ரி 448இல் பைத்துல் முகத்தஸில் நாப்லூஸ்காரர் ஒருவரால் தொடங்கப்பட்டது என்று துர்தூஷீ பதிவு செய்திருக்கிறார். அக்ஸா பள்ளியில் அவர் தொழ நின்றார், பின்னால் ஒருவர் சேர்ந்தார், இன்னொருவர் சேர்ந்தார், முடிக்கும்போது பெருங்கூட்டம். அடுத்த வருடத்திலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வழக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான பதிவு கிடைப்பது அபூர்வம்.

நீங்கள் அதைத் தொடங்கவே வேண்டாம். முடிந்த அளவு இரண்டிரண்டு ரக்அத்தாக நஃபில் தொழுங்கள். விட்டதில் குற்றம் எதுவும் இல்லை.

---

உம்மு ஹாஜர் எழுதியது:

ஸலாம். நோன்பைப் பற்றிச் சொன்னது என்னைக் கவலைப்பட வைத்துவிட்டது. போன ரமளானில் பிள்ளைப்பேறு காரணமாக நோன்புகள் விட்டுப்போயின. கொஞ்சம் கொஞ்சமாக வைத்து வருகிறேன், இன்னும் ஏழு பாக்கி. பராஅத் நோன்போடு சேர்த்து முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். 15ஆம் நாள் நோன்பு பித்அத் என்றால் அன்று வைக்கக் கூடாதா? பாதிக்குப் பிறகு நோன்பே கூடாது என்றும் மாமி சொல்கிறார்கள். அப்படியானால் நான் எப்போதுதான் வைப்பது?

---

பழைய கிதாபு எழுதியது:

சகோதரி, கவலை வேண்டாம். 15ஆம் நாள் நோன்பு வைக்கத் தடை எதுவும் இல்லை. அந்த நாளுக்கென்று தனிச் சிறப்பு சொல்லும் ஹதீஸ்தான் பலவீனம். 13, 14, 15 மூன்றும் எல்லா மாதத்திலும் நோன்பு வைக்கச் சுன்னத்தான வெள்ளை நாட்கள். மேலும் ரமளானுக்கு அடுத்தபடியாக நபியவர்கள் அதிகம் நோன்பு வைத்தது ஷஃபானில்தான் என்பது புகாரி, முஸ்லிமில் உள்ள செய்தி. அன்று உங்கள் கழாவை நிய்யத் செய்து வையுங்கள்.

மாமி சொல்வதற்கும் அடிப்படை இருக்கிறது. ஷஃபான் பாதியானால் நோன்பு வைக்காதீர்கள் என்ற ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. திர்மிதி அதை ஏற்கிறார், இமாம் அஹ்மத் ஏற்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இதன்படி 16லிருந்து வெறும் நஃபில் நோன்பைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஆனால் கழா, நேர்ச்சை, திங்கள் வியாழன் என்று ஏற்கெனவே வைத்து வரும் வழக்கம், 15ஐயும் சேர்த்துத் தொடர்ந்து வைப்பது, இவை எதற்கும் அந்தத் தடை பொருந்தாது. ஆயிஷா (ரலி) அவர்களே, என் ரமளான் கழாவை ஷஃபானில்தான் வைக்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அது புகாரியில் இருக்கிறது.

நீங்கள் ஷாஃபிஈ என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் அடுத்த ரமளான் வரை தள்ளிப்போட்டால் கழாவோடு நாளுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் வரும். ஹனஃபி மத்ஹபில் கழா மட்டும் போதும். பால் கொடுப்பதால் வைக்க முடியாமல் இருந்தால் அது காரணமாகுமா என்பதை உங்கள் நிலைமையைத் தெரிந்த ஓர் ஆலிமிடம் கேளுங்கள். இங்கே எழுத்தில் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

---

உம்மு ஹாஜர் எழுதியது:

ஜஸாகல்லாஹ் கைர். 14லிருந்து தொடங்கிவிடுகிறேன் இன்ஷா அல்லாஹ். மாமியிடமும் இதைப் படித்துக் காட்டுகிறேன்.

---

மூத்தவள் எழுதியது:

அபூ சுஹைல் தம்பி, நான் கிதாபு ஓதியவள் இல்லை. வயதானவள், உங்கள் அம்மாவின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பராஅத் என்றால் எங்களுக்கு யாசீன் மட்டும் இல்லை. அஸர் நேரத்திலேயே குளித்து, வீட்டைச் சுத்தம் செய்து, மவுத்தானவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி துஆ கேட்போம். பகலில் சொந்தக்காரர் வீடுகளுக்கும் அண்டை வீடுகளுக்கும் போய், "ஏதாவது மனசு நோகப் பேசியிருந்தால் மாப்பு கொடுங்கள்" என்று கேட்டுவிட்டு வருவோம். என் உம்மா ஒருமுறை பல வருடமாகப் பேசாமல் இருந்த தன் நாத்தனார் வீட்டுக்கு அன்றுதான் போய் நின்றார்கள். இப்போது எல்லாரும் போனில் ஒரே மெசேஜை நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரிடம் உண்மையிலேயே கேட்க வேண்டுமோ அவருக்கு மட்டும் அனுப்புவதில்லை.

உங்கள் அம்மாவுக்கு யாசீனைவிட, பிள்ளைகள் இருவரும் ஒரே பாயில் உட்கார்வதுதான் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுப் பாருங்கள்.

---

அபூ சுஹைல் எழுதியது:

மூத்தவள் அம்மா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உங்க அத்தா ஓதினதை விடவும் மனசு வரல, அவனை விடவும் மனசு வரல" என்றார்கள்.

ஹஸ்ரத், மூன்று யாசீனைப் பற்றி நேரடியாகச் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது? அந்த துஆவில் என்ன தவறு என்று அண்ணன் கோபப்படுகிறார்?

---

பழைய கிதாபு எழுதியது:

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மூன்று முறை யாசீன் ஓதி ஆயுள், ரிஸ்க், பாதுகாப்பு என்று கேட்கும் இந்த முறை நபியவர்களிடமிருந்தோ ஸஹாபிகளிடமிருந்தோ வரவில்லை. அதைச் சரி என்பவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். இஹ்யாவுக்கு விரிவுரை எழுதிய முர்தளா ஸபீதீ, பின்னால் வந்தவர்கள் முன்னோரிடமிருந்து பெற்ற வழக்கம் என்று இதைக் குறிப்பிடுகிறார். அவர் சொல்லும் முறையில் ஆறு ரக்அத் தொழுகையும் சேர்ந்திருக்கிறது. இதற்கும் இதன் துஆவுக்கும் சுன்னாவில் சரியான ஆதாரத்தை நான் காணவில்லை, இது மஷாயிகுகளின் அமல் என்றும் அவரே எழுதிவிடுகிறார். வழக்கத்தை மறைக்கவும் இல்லை, இல்லாத ஆதாரத்தைச் சேர்க்கவும் இல்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

அந்த துஆவில் இரண்டு இடங்கள் சிக்கலானவை. என்னை உன்னிடம் துர்ப்பாக்கியசாலி என்று எழுதியிருந்தால் அதை அழித்து நற்பேறு பெற்றவன் என்று எழுது என்று கேட்பது ஒன்று. இந்தக் கருத்தில் உமர் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) ஆகியோர் துஆ செய்ததாக அறிவிப்புகள் உண்டு. ஆனால் அவை இந்த இரவோடு சம்பந்தப்பட்டவை அல்ல. இரண்டாவது, உறுதியான காரியங்கள் பிரிக்கப்படும் ஷஃபான் பாதி இரவில் என்று துகான் வசனத்தை இந்த இரவுக்குப் பொருத்தும் வரி. மேலே சொன்னபடி பெரும்பாலான முஃபஸ்ஸிர்கள் அதை ஏற்பதில்லை. அண்ணன் இந்த வரியை எதிர்த்தால் அவரிடம் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாசீன் ஓதுவது எந்த இரவிலும் நல்ல அமல். ஓதிவிட்டு துஆ கேட்பதும் நல்லது. இமாம் ஷாஃபிஈ உம்மு கிதாபில், ஐந்து இரவுகளில் துஆ ஏற்கப்படும் என்று எங்களுக்கு எட்டியிருக்கிறது என்கிறார். வெள்ளி இரவு, இரு பெருநாள் இரவுகள், ரஜப் முதல் இரவு, ஷஃபான் பாதி இரவு. இப்னு தைமிய்யாவும் ஒருவர் தனியாக இந்த இரவில் தொழுவதைத் தவறு என்று சொல்லவில்லை. முன்னோர்களில் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்கிறார். மூன்று என்ற எண்ணிக்கையும் அந்த வரிசையும் நபி வழி என்று நம்பாமல், நல்ல அமலாக மட்டும் ஓதுபவரைத் தடுக்கலாமா என்பதில் உலமாக்கள் இன்றும் இரண்டாகத்தான் நிற்கிறார்கள். நம்பிக்கை எப்படி இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட நேரத்தையும் எண்ணிக்கையையும் வருடா வருடம் பிடித்துக்கொண்டால் அதுவே மார்க்கமாகத் தோன்றிவிடும் என்பது தடுப்பவர்களின் கவலை. அந்தக் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. உங்கள் வீட்டிலேயே பாருங்கள், ஒருவர் உட்காராததால் ஃபர்ளையே விட்டதுபோல வேதனை வந்துவிட்டது.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். பகை வைத்திருப்பவனைத் தவிர எல்லோருக்கும் மன்னிப்பு என்ற ஹதீஸை அண்ணன் பலவீனம் என்று சொல்லலாம். அப்படியானால் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். திங்களும் வியாழனும் சொர்க்க வாசல்கள் திறக்கப்படுகின்றன, இணைவைக்காத ஒவ்வொருவரும் மன்னிக்கப்படுகிறார், தனக்கும் தன் சகோதரனுக்கும் இடையில் பகை உள்ளவரைத் தவிர. இவர்கள் சமாதானம் ஆகும்வரை இவர்களை விட்டுவையுங்கள் என்று மூன்று முறை சொல்லப்படுகிறது. இது ஷஃபானைப் பற்றியது அல்ல, வாரத்துக்கு இரண்டு முறை நடப்பது. இதில் எந்தத் தரப்பும் குறை சொல்லவில்லை.

மூன்று இரவுகளுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்கக் கூடாது, முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது புகாரியில் இருக்கிறது. உங்களுக்கும் அண்ணனுக்கும் எத்தனை மூன்று இரவுகள் போய்விட்டன? யாசீன் ஓதுவது அதிகபட்சம் ஒரு விரும்பத்தக்க அமல். பேசாமல் இருப்பது ஹராம். பராஅத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே அண்ணன் வீட்டுக்குப் போங்கள்.

அன்றைக்கு வீட்டில் என்ன செய்வது என்று கேட்டீர்கள். என் யோசனை இது. மஃரிப் தொழுததும் அம்மா விரும்பினால் அம்மாவும் நீங்களும் யாசீன் ஓதுங்கள். 83 வசனம், நிதானமாக ஓதினால் ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். இஷாவுக்கு முன் முடிந்துவிடும். கூட்டமாக ஒரே குரலில் வேண்டாம், அவரவர் ஓதட்டும். அந்தப் பராஅத் துஆவை விட்டுவிட்டு, அம்மா தன் மொழியில் தன் மனதில் உள்ளதைக் கேட்கட்டும். அண்ணனை யாசீனுக்குக் கூப்பிடாதீர்கள். இஷா தொழுதுவிட்டு வரச் சொல்லுங்கள், அத்தாவுக்காக துஆ செய்ய. பெற்றோருக்குப் பிள்ளை செய்யும் துஆவுக்கு எந்தத் தரப்பிலும் மறுப்பு இல்லை. இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் யாராவது எழுந்து தொழுதால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்பவர் உண்டா என்று அல்லாஹ் கேட்பது ஒவ்வோர் இரவிலும் நடப்பது, புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

---

தெளிவுதேடி எழுதியது:

ஹஸ்ரத் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முதலில் அண்ணனிடம் போங்கள் என்பதை முழுமையாக. ஆனால் மஃரிபுக்குப் பின் அதே இரவில், அதே மூன்று யாசீன் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. துஆவை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்தால் பிள்ளைகள் பார்த்து அதையே மார்க்கமாக எடுத்துக்கொள்வார்கள். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லி, அந்த நேரத்தில் குர்ஆனில் விரும்பிய இடத்தை ஓத வைப்பதுதான் பாதுகாப்பு.

---

கிழக்குவாசல் எழுதியது:

துகான் வசனம் பற்றி எனக்கு இப்படி விளக்கம் இருப்பது தெரியாது. பார்க்கிறேன். ஆனால் தெளிவுதேடி சகோதரரே, வயதான தாய் காலமெல்லாம் ஓதிய யாசீனை இந்த வயதில் நிறுத்தச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓதுவது குர்ஆன்தானே.

---

அபூ சுஹைல் எழுதியது:

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஸலாம் சொன்னேன், பதில் சொல்லி உள்ளே உட்கார வைத்தார். மார்க்க விஷயம் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது முஸ்லிமில் உள்ள ஹதீஸை மட்டும் சொல்லி, நான் போன வருடம் பேசியதற்கு மாப்பு கேட்டேன். அவரும் கேட்டார். இஷாவுக்குப் பிறகு வருகிறேன் என்றார். யாசீனுக்கு உட்கார மாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை. அம்மாவும் மூன்றை விடுவதாக இல்லை. துஆ விஷயத்தில் மட்டும், "அதுல அர்த்தம் தெரிஞ்சா ஓதினேன், நான் என் வாயாலேயே கேட்டுக்கறேன்" என்றார்கள்.

இன்னொரு சிக்கல். அண்ணன் தலைப்பிறையை வேறு அறிவிப்புப்படி எடுத்துக்கொள்கிறவர். அவருக்கு ஷஃபான் 15 எங்களுக்கு முந்தைய நாளே வந்துவிடுகிறது. எந்த இரவு உண்மையான பாதி இரவு?

---

பழைய கிதாபு எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். முதலில் ஸலாம் சொன்னது நீங்கள், அந்தக் கூலி உங்களுக்கு.

பிறை விஷயத்தில், ஓர் ஊரில் பார்த்தது எல்லா ஊருக்கும் செல்லுமா, அவரவர் பிறை உதிக்கும் பகுதிக்கு மட்டுமா என்ற பழைய வேறுபாடு இங்கேயும் வருகிறது. ஷாஃபிஈயில் பலமான கருத்து, அவரவர் பகுதிக்குத்தான். ரமளானைப்போல ஷஃபான் பிறையைப் பலரும் கவனித்துப் பார்ப்பதும் இல்லை, அதனால் ஒரு நாள் வித்தியாசம் சாதாரணமாக வந்துவிடுகிறது. ஆனால் ரமளான் பிறையைக் கணக்கிட ஷஃபான் பிறை தேவை என்பதால் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதியில் காஜி அறிவித்தபடி நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அவர் வழியில் இருக்கட்டும். அத்தாவுக்கான துஆவுக்கு எந்த இரவானாலும் சரிதான், அம்மாவுக்கு வசதியான நாளைப் பேசி முடிவு செய்யுங்கள்.

---

தெளிவுதேடி எழுதியது:

உலகம் முழுவதும் ஒரே பிறை என்பவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது ஹஸ்ரத். அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன், இங்கே வேண்டாம். அபூ சுஹைல் பாய், அண்ணனுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.